போட்டோவில் போன், லப்டொப் திரையை மாற்றுவது: கடைக்காரர் கேட்கிற கேள்விகள்

கிளிநொச்சி, வவுனியா, புதுக்குடியிருப்புப் பக்கம் போன் கடையும் லப்டொப் திருத்தும் கடையும் வைத்திருப்பவர்கள், அவர்களுக்கு விளம்பரப் படம் செய்து கொடுக்கும் பிள்ளைகள் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்கள் இவை. கேட்ட வாக்கிலேயே கேள்விகளை வைத்திருக்கிறோம்.

விளங்குவதற்காக எல்லாப் பதிலுக்கும் ஒரே படத்தை எடுத்துக்கொள்வோம். ஏ9 வீதியில் மேற்குப் பார்த்த கடை, பின்னேரம் நாலு மணி. மேசையில் பெட்டியொன்றில் சாய்த்து நிறுத்திய போன், சற்றே ஒரு பக்கம் திரும்பியிருக்கிறது. படம் 4000×3000 பிக்சல். திரையின் இடது விளிம்பு நமக்குக் கிட்ட, உயரம் 1480 பிக்சல்; வலது விளிம்பு தள்ளி, 1310 பிக்சல். கடை வாசலின் வெளிச்சம் மேல் இடது மூலையில் சாய்வான வெண்பட்டையாகக் கண்ணாடியில் விழுந்திருக்கிறது. இதற்குள் 1080×2400 அளவுள்ள ஒரு ஸ்கிரீன்ஷொட்டை வைக்கவேண்டும்.

போனை ஓன் பண்ணி அப்பிடியே எடுத்தால் என்ன? ஏன் பிறகு திரையை மாத்தோணும்?

எடுக்கலாம். ஆனால் கமராவுக்கு ஒரே நேரத்தில் இரண்டு வெளிச்சத்தைச் சமாளிக்க வேண்டியிருக்கும். மேசைக்கும் பெட்டிக்கும் சரியாக எடுத்தால் திரை வெளிறிப்போகும், திரைக்குச் சரியாக எடுத்தால் போனின் உடம்பு இருண்டுபோகும். அதோடு திரையின் புள்ளிக்கட்டமும் கமரா சென்சரின் கட்டமும் ஒன்றோடொன்று மோதி அலை அலையாக நிறக்கோடுகள் வரும். வெளிச்சத்தை வேகமாக அணைத்து அணைத்துக் குறைக்கும் திரைகளில் குறுக்கே கரும்பட்டைகளும் விழும். இவற்றைப் பிறகு துடைத்தெடுப்பது, திரையையே மாற்றுவதைவிடக் கரைச்சலான வேலை.

அப்ப திரையை ஓவ் பண்ணி எடுக்கிறதோ, வெள்ளையாக்கி எடுக்கிறதோ, பச்சையாக்கி எடுக்கிறதோ?

ஓவ் பண்ணி எடுங்கள். அணைந்த திரை கிட்டத்தட்ட ஒரு கருங்கண்ணாடி. அதில் படமாகப் பதிவது தெறிப்பு மட்டும்தான்: வாசல் வெளிச்சம், ரியூப் லைற், எதிர்ச் சுவர். நமக்குத் தேவையான பொருளே அதுதான். வெள்ளைத் திரையோடு எடுத்தால் தெறிப்பு அந்த வெள்ளைக்குள் கரைந்துவிடும். பச்சைத் திரை அசையும் வீடியோவுக்குச் சரி. நிற்கிற படத்தில் போனின் ஓரமும் பிடித்திருக்கும் விரலும் பச்சையடித்து, அதைக் கழுவ இன்னொரு வேலை வரும்.

எடுக்க முன்னம் திரையை மைக்ரோஃபைபர் துணியால் துடையுங்கள். எங்கட பக்கத்துச் செம்மண் புழுதி, திரை எரியும்போது கண்ணில் படாது. அணைந்த திரையில் ஒவ்வொரு துகளும் வெளிர்ப்புள்ளியாக நிற்கும், நாம் செய்யப்போகும் முறையில் அந்தப் புள்ளிகள் எல்லாம் புதிய படத்தின் மேலும் அப்படியே வரும். ஒரு மீற்றராவது தள்ளி நின்று இரண்டு மடங்கு சூமில் எடுப்பது நல்லது. ஏனென்பது நாலாவது கேள்வியில் வருகிறது. நீங்களும் உங்கள் கையும் கண்ணாடியில் தெரிகிறீர்களா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

எந்த சொஃப்ட்வெயரிலை செய்யிறது? காசு குடுத்து வாங்கோணுமோ?

வாங்கவேண்டியதில்லை. போட்டோஷொப் இருந்தால் அதில் செய்யுங்கள். இல்லாவிட்டால் பிரவுசரில் `photopea.com` திறந்தால் போதும், இலவசம். ஒருமுறை பக்கம் இறங்கிவிட்டால் படம் உங்கள் கணினிக்குள்ளேயே திறக்கிறது, எங்கும் ஏறாது. டேட்டாவும் பெரிதாகப் போகாது. போனின் பிரவுசரிலும் திறக்கும், ஆனால் மூலைகளைப் பிக்சல் கணக்கில் நகர்த்த விரல் தோதுப்படாது.

முதலில் ஸ்கிரீன்ஷொட்டைப் படத்தின் மேல் புதிய லேயராக வையுங்கள். அந்த லேயரில் வலது சொடுக்கி `Convert to Smart Object` கொடுங்கள். பிறகு `Edit > Free Transform`. போட்டோஷொப்பில் இதற்கு Ctrl+T. ஃபோட்டோபியாவில் அதை அழுத்தினால் பிரவுசர் புதிய டேப் திறந்துவிடும், ஆகவே மெனுவாலேயே போங்கள். Ctrl விசையைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு மூலையாக இழுத்து, போனின் திரை மூலையில் வையுங்கள். படத்தை 200 அல்லது 300 வீதம் பெருப்பித்து வைத்துக்கொண்டு செய்யுங்கள். ஸ்மார்ட் ஒப்ஜெக்ற் ஆக்காமல் நேரே இழுத்தால், திருத்தத் திருத்த ஒவ்வொரு முறையும் படம் கொஞ்சம் கொஞ்சமாக மங்கிக்கொண்டு போகும். ஸ்மார்ட் ஒப்ஜெக்ற் என்றால் நாளைக்கு வேறு ஸ்கிரீன்ஷொட் வேண்டுமென்றாலும் அதன் சிறுபடத்தை இருமுறை சொடுக்கி உள்ளே மாற்றிச் சேமித்தால் சரி, மூலைகள் இருந்த இடத்திலேயே இருக்கும்.

நாலு மூலையையும் சரியா வைச்சிட்டன். எண்டாலும் உள்ளுக்கு இருக்கிற படம் பிழையாத் தெரியுதே?

மூன்று காரணங்களில் ஒன்றாக இருக்கும்.

முதலாவது, அகல உயர விகிதம். 1080×2400 திரையுள்ள போனுக்குள் 1080×1920 ஸ்கிரீன்ஷொட்டை இழுத்து வைத்தால் நாலு மூலையும் பொருந்தும், உள்ளே வட்டமாக இருந்த ஐகன்கள் நெடுத்த முட்டையாகும். மூலையைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது, வட்டத்தைப் பார்த்தால் தெரியும். லப்டொப்பிலும் இதே சங்கதிதான்: சிலதில் 1920×1080, சிலதில் 1920×1200. எந்த மொடலைப் படம் பிடித்தீர்களோ அதே மொடலில் ஸ்கிரீன்ஷொட் எடுப்பதுதான் சுகமான வழி.

இரண்டாவது, மூலையே பிழை. இப்போதைய போன்களின் திரை மூலை வளைந்தது. அந்த வளைவின் மேல் புள்ளியை வைத்தால் படம் முழுக்க உள்ளே சுருங்கிவிடும். வளைவு தொடங்குமுன் இருக்கிற நேர் விளிம்புகள் இரண்டையும் மனதால் நீட்டுங்கள். அவை வெட்டும் வெறும் இடத்தில்தான் உங்கள் மூலை நிற்கவேண்டும். இரண்டு கோட்டை வேறொரு லேயரில் கீறிப் பார்த்தால் இன்னும் சுலபம். வளைவை ஸ்மார்ட் ஒப்ஜெக்ற்றின் உள்ளே போய்ச் செய்யுங்கள்: தட்டையான ஸ்கிரீன்ஷொட்டுக்கு வளைந்த மூலையுள்ள செவ்வகமாக மாஸ்க் போடுங்கள், 1080 அகலத்துக்கு 90 பிக்சல் ஆரையில் தொடங்கிப் போனுக்கேற்பக் கூட்டிக் குறையுங்கள். உள்ளே நேராக வெட்டிய வளைவு, வெளியே கோணத்துக்கு ஏற்றபடி தானாகச் சாய்ந்து வரும். வெளியே நின்று சாய்ந்த படத்தில் வளைவு வெட்ட முயன்றால் நாலு மூலையும் நாலு விதமாகத்தான் வரும்.

மூன்றாவது, கமரா வில்லை. மூலை இழுக்கும் முறையில் நேர்கோடு எப்போதும் நேர்கோடாகவே இருக்கும். கிட்ட வைத்து அகலக் கமராவில் எடுத்த படத்திலோ போனின் விளிம்பே கொஞ்சம் வெளிப்பக்கம் வளைந்திருக்கும். அப்போது மூலைகள் பொருந்தி, நடு விளிம்பில் இரண்டு மூன்று பிக்சல் கரும்பிளவு தெரியும். ஒரு மீற்றர் தள்ளி நில்லுங்கள் என்று சொன்னது இதற்காகத்தான். எடுத்து முடிந்துவிட்டதென்றால் மூலைகளைப் பொருத்திய பிறகு `Warp` போட்டு நடு விளிம்பை மட்டும் அந்த இரண்டு பிக்சல் வெளியே தள்ளுங்கள். முழுவதையும் வார்ப்பிலேயே பொருத்தப் போகாதீர்கள். வார்ப் உள்ளே இருப்பதைச் சமமாகப் பரப்பிவிடும். தள்ளியிருக்கும் பக்கம் நெருங்கியும் கிட்ட இருக்கும் பக்கம் விரிந்தும் தெரியவேண்டிய முறை போய்விடும்.

படம் பொருந்திட்டுது, ஆனா ஸ்டிக்கர் ஒட்டின மாதிரிக் கிடக்கு. Opacity-ஐ 70 ஆக்கினால் கண்ணாடி வெளிச்சம் தெரியுது. அது காணாதோ?

காணாது. கனபேர் பிழைவிடும் இடம் இதுதான். கண்ணாடி முன்னால் நிற்கிறது, படம் அதன் பின்னால் எரிகிறது. கண்ணுக்கு வருவது படத்தின் ஒளியும் கண்ணாடியில் தெறித்த ஒளியும் கூடியது. தெறிப்பு விழுந்ததால் எந்த இடமும் முன்பிருந்ததைவிட இருளாது. நீங்கள் 70 ஆக்கும்போது நடப்பது வேறு: படத்தில் 70 பங்கும் கீழே உள்ள போட்டோவில் 30 பங்கும் கலக்கிறது. முழுக் கறுப்பு 0, முழு வெள்ளை 255 என்ற கணக்கில் ஸ்கிரீன்ஷொட்டின் வெள்ளை 240 என்றும் அந்த இடத்துக் கண்ணாடி 20 என்றும் வைத்தால், வருவது 168 + 6 = 174. வெள்ளை சாம்பலாகிவிட்டது. தெறிப்பும் 30 பங்காகத் தேய்ந்துவிட்டது. இரண்டு பக்கமும் நட்டம்.

Opacity-ஐ 100 ஆக்கிவிட்டு, அந்த லேயரின் கலப்பு முறையை `Normal` இலிருந்து `Screen` ஆக மாற்றுங்கள். அது இரண்டு ஒளியையும் இப்படிச் சேர்க்கிறது:

```
255 − (255 − a) × (255 − b) / 255
```

a ஸ்கிரீன்ஷொட், b கண்ணாடியின் தெறிப்பு. நம் படத்தில் வெண்பட்டையின் ஓரத்தில் தெறிப்பு 80 என்று வையுங்கள். ஸ்கிரீன்ஷொட்டில் கறுப்பாக, 0 ஆக இருந்த இடம் 80 ஆகும். 120 ஆக இருந்த இடம் 162 ஆகும். 240 ஆக இருந்த வெள்ளை 245 தான் ஆகும். அதாவது இருண்ட இடத்தில் பட்டை பளிச்சென்று தெரிகிறது, வெள்ளை இடத்தில் கிட்டத்தட்ட மறைந்துவிடுகிறது. வெயிலில் போனைப் பிடித்துப் பாருங்கள், உண்மையிலும் அப்படித்தான். பட்டையின் நடுவில் வாசல் 255 ஆக வெந்திருந்தால் அங்கே படம் முழுதாக மறையும்; அதுவும் சரிதான், காப்பாற்றப் பார்க்காதீர்கள்.

இன்னொரு வசதியும் கிடைக்கிறது. `Screen` முறையில் Opacity-ஐக் குறைத்தால் தெறிப்பு கெடாது, திரையின் பிரைட்னஸ் மட்டும் இறங்கும். பகல் வெளிச்சக் கடையில் 85 இலிருந்து 90 வரை பெரும்பாலும் பொருந்தும். பக்கத்தில் இருக்கும் வெள்ளைப் பெட்டியைவிடத் திரை வெள்ளை பளபளத்தால் இன்னும் குறையுங்கள்.

`Screen` போட்டதும் கறுப்பு எல்லாம் வெளிறிப் போச்சு. Levels போட்டு இறுக்கலாமோ?

பெரும்பாலும் வேண்டாம். திரையைச் சுற்றியுள்ள கறுப்பு ஓரத்தைப் பாருங்கள். அதுவும் அதே வாசல் வெளிச்சத்தில் 20, 25 ஆக வெளிறித்தான் இருக்கும். திரைக்குள் இருக்கும் கறுப்பை மட்டும் 0 ஆக்கினால் ஓரத்தைவிடத் திரை கறுத்துவிடும், போனில் ஓட்டை வெட்டின மாதிரி இருக்கும். அணைந்த கண்ணாடியைவிடக் கறுப்பாக எந்தத் திரையும் எரியாது.

உண்மையிலேயே புகைமூட்டமாக இருந்தால் திரையையும் ஓரத்தையும் சேர்த்துக் கண்ணாடி முழுவதையும் தெரிவுசெய்து, கீழே உள்ள போட்டோவில் `Levels` இடதுபக்க முள்ளை 8 அல்லது 10 வரை நகர்த்துங்கள். திரையும் ஓரமும் ஒன்றாக இறங்கவேண்டும்.

முன் கமரா ஓட்டைக்கு மேலாலயும் படம் தெரியுது. விரலுக்கு மேலாலயும் தெரியுது.

`Screen` முறைக்குக் கண்ணாடி எது, ஓட்டை எது, விரல் எது என்று தெரியாது; எல்லாவற்றின் மேலும் ஒளியைக் கூட்டும். கமரா ஓட்டையை, வளைந்த மூலை செய்தது போலவே ஸ்மார்ட் ஒப்ஜெக்ற்றின் உள்ளே கறுப்பு வட்டமாக வரையுங்கள். கறுப்பு என்றால் கூட்டுவதற்கு ஒன்றுமில்லை, கீழே இருக்கும் உண்மையான ஓட்டை அப்படியே தெரியும். விரலுக்கு மட்டும் வெளியே, லேயர் மாஸ்க்கில் கறுப்பால் பூசுங்கள். மாஸ்க்கின் விளிம்பை 1 பிக்சல் அளவு மென்மையாக்குங்கள். எரியும் திரையைத் தொடும் விரலின் ஓரத்தில் மெல்லிய வெளிச்சம் இருக்கும். மாஸ்க்கை ஒரு பிக்சல் விரலுக்குள் தள்ளி நிறுத்தினால் அது தானாக வந்துவிடும்.

கஸ்டமர் தந்த படத்திலை திரை ஏற்கனவே எரியுது. திரும்ப எடுக்க ஏலாது. என்ன செய்யிறது?

இதில் தெறிப்பைப் பிரித்தெடுக்க முடியாது, ஆகவே புதிதாகக் கட்டவேண்டும். ஸ்கிரீன்ஷொட்டை `Normal` முறையில், 100 வீதத்தில் வைத்துப் பழைய திரையை முழுக்க மூடுங்கள். அதன்மேல் தெறிப்புக்கு ஒரு வெற்று லேயர்.

தெறிப்பை எங்கே போடுவது என்பதைப் போனின் கறுப்பு ஓரம் சொல்லும். ஓரமும் திரையும் பெரும்பாலும் ஒரே கண்ணாடிக்குக் கீழே இருப்பவை. நம் உதாரணப் படத்திலும் வெண்பட்டை மேல் ஓரத்தில் தொடங்கி, திரைக்குள் இறங்கி, இடது ஓரம் வழியாக வெளியே போகிறது. மேல் ஓரத்தில் அது எந்த இடத்தில் வெட்டுகிறது, இடது ஓரத்தில் எங்கே வெட்டுகிறது என்று பார்த்து, இரண்டையும் `Polygonal Lasso` கருவியால் நேர்கோட்டில் இணையுங்கள். அந்தப் பல்கோணியை வெள்ளையால் நிரப்பி, Opacity 15 இலிருந்து 30 வரை வைத்து, ஓரத்தில் இருக்கும் பட்டையின் வெளிச்சத்தோடு ஒத்துப்போகும்வரை சரிசெய்யுங்கள். கதவு, யன்னல் தெறிப்பென்றால் விளிம்பு கூராகவும், ரியூப் லைற் என்றால் மென்மையாகவும் இருக்கட்டும். பட்டை முழுக்க ஒரே அளவாக இருந்தால் செய்தது என்று தெரியும். ஒரு முனையில் தேய்ந்துபோக மாஸ்க்கில் கிரேடியன்ற் போடுங்கள்.

ஓரத்தில் பட்டை இருந்து திரைக்குள் இல்லாவிட்டால், படம் பார்ப்பவருக்கு ஏனென்று சொல்லத் தெரியாது, ஆனால் ஏதோ பிழை என்று பட்டுவிடும். மறுபக்கமும் உண்டு: ஓரத்தில் ஒரு தெறிப்பும் இல்லாத போனுக்கு, அழகுக்காகத் திரையில் மட்டும் சாய்ந்த வெள்ளைப் பட்டை போடுவது. பழைய விளம்பரங்களில் நிறையக் காணலாம். தயவுசெய்து வேண்டாம்.

லப்டொப்புக்கும் இதே முறையோ? திரையிலை பட்டை ஒண்டும் தெரியேல்லையே.

மூலை வேலை அதே. தெறிப்பு மாறும். கனக்க லப்டொப்களின் திரை சொரசொரப்பானது. வாசல் வெளிச்சம் அதில் பட்டையாக விழாமல், பெரிய மங்கல் புகையாகப் பரவும். ஓவ் பண்ணி எடுத்திருந்தால் `Screen` முறை அந்தப் புகையையும் அப்படியே கொண்டுவரும், வேறொன்றும் செய்யத் தேவையில்லை. எரியும் திரைப் படமென்றால் பல்கோணிக்குப் பதில் பெரிய மென்தூரிகையால் ஒரு பக்கம் 10 வீதம் வெள்ளை பூசினால் போதும். இதில் கூரான பட்டை போட்டால் சொரசொரப்பான திரை கண்ணாடித் திரை போலாகிவிடும், பொருளைத் தெரிந்தவர் பிடித்துவிடுவார்.

இருட்டான அறையில் எடுத்த லப்டொப் என்றால் திரை வெளிச்சம் விசைப்பலகையிலும் விழவேண்டும். ஸ்கிரீன்ஷொட்டின் பொதுவான நிறத்தை எடுத்து, மென்தூரிகையால் மேல் வரிசை விசைகளில் மெல்லிதாகப் பூசி அந்த லேயரையும் `Screen` ஆக்குங்கள். பகலில் எடுத்த படத்துக்கு இது தேவையில்லை.

எல்லாம் செய்தும் திரை மட்டும் கத்தி மாதிரிக் கூரா நிக்குது.

ஸ்கிரீன்ஷொட் கமரா வழியாக வரவில்லை. சுற்றிலும் உள்ள படத்தில் வில்லையின் மென்மையும் நுண்பருக்கையும் இருக்கிறது, இதில் இல்லை. ஸ்மார்ட் ஒப்ஜெக்ற் லேயருக்கு `Gaussian Blur` 0.5 பிக்சலில் தொடங்கி, போனின் விளிம்பு எவ்வளவு கூரோ அதே அளவுக்குக் கொண்டுவாருங்கள். 1 பிக்சலைத் தாண்டவேண்டி வந்தால் படமே அசைந்திருக்கும். பிறகு `Add Noise` 1 அல்லது 2 வீதம். பின்னேரம் கடைக்குள் எடுத்த படத்தில் பருக்கை கூட, காலையில் வெளியில் எடுத்ததில் குறைவு. தள்ளியிருக்கும் பக்கத்தில் போனின் விளிம்பு மங்கியிருந்தால் திரையும் அந்தப் பக்கம் மங்கவேண்டும்: மங்கலை அந்தப் பக்கம் கூட்டி, கிட்டப் பக்கம் மாஸ்க்கால் மறையுங்கள்.

ஸ்கிரீன்ஷொட்டிலை தமிழ் எழுத்து நல்லா இருந்தது. பேஸ்புக்கிலை போட்டால் வாசிக்கேலாமல் கிடக்கு.

கணக்குப் பாருங்கள். 4000 பிக்சல் அகலப் படத்தை 2048 ஆக்கினால் நம் திரையின் கிட்ட விளிம்பு 1480 இலிருந்து 758 பிக்சலுக்கு இறங்கும். 2400 உயர ஸ்கிரீன்ஷொட்டில் 40 பிக்சலாக இருந்த எழுத்து அங்கே 12, 13 பிக்சல்தான். இங்கிலிஷ் எழுத்து அந்த அளவிலும் தப்பும். தமிழில் ‘ணு’, ‘ஞ’, ‘ழூ’ எல்லாம் சுழி அடைபட்டுக் கறுப்புப் பொட்டாகும். போனின் அமைப்பில் எழுத்தின் அளவைப் பெரிதாக்கிவிட்டுத் திரும்ப ஸ்கிரீன்ஷொட் எடுங்கள், 70 பிக்சலுக்குக் குறையாமல். எடிற்றரில் தமிழைத் தட்டெழுதுவதைவிட இது நல்லது; சில எடிற்றர்களில் ‘கொ’ மூன்று துண்டாகப் பிரிந்து நிற்கும்.

ஏற்றும்போது 2048 பிக்சலுக்கு நீங்களே குறைத்து, sRGB நிறத்தில் ஜேபெக்காகச் சேமியுங்கள். கூர்மையைக் கூட்டுவதென்றால் குறைத்த பிறகு, படம் முழுவதற்கும் ஒரே தரமாக. திரைக்கு மட்டும் கூட்டினால் முந்திய கேள்விக்கே திரும்பிவிடுவீர்கள்.

பழைய போனுக்கும் இப்பிடிச் செய்து போடலாமோ?

பாவித்த போனை விற்கப் போடும் படத்தில் வேண்டாம். வாங்குகிறவர் பார்க்க வருவதே திரையைத்தான்: கோடு விழுந்திருக்கிறதா, பழைய ஐகன்களின் நிழல் படிந்திருக்கிறதா, மூலையில் கருந்திட்டு இருக்கிறதா என்று. நீங்கள் மாற்றினால் அவை எல்லாம் மறைந்துவிடும். பெட்டி திறக்காத புதிய போனுக்கும், திருத்தும் சேவை விளம்பரத்துக்கும், அப் அறிமுகத்துக்கும் செய்யுங்கள். பாவித்ததை ஓன் பண்ணி, வெள்ளைப் பக்கமொன்றைத் திறந்து, அலைக்கோடு விழுந்தாலும் பரவாயில்லை என்று அப்படியே எடுத்துப் போடுங்கள்.